பஞ்சு தூசிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு

"திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் ஒரே ரூமில் பதினான்கு பேர் இருக்கிறோம். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு மாதத்துக்கு மேலாக இருமல். பஞ்சு தூசி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு டி.பி.யோ என்று சந்தேகம். டெஸ்ட் எடுத்தால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?"

இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவாக இருந்தாலும் சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் நண்பருக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. டி.பி.தான் என்று நானும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது சளி. திருப்பூர்ப் பக்கம் காசநோய்ப் பிரிவில் பல வருஷம் களப்பணி பார்த்தவன் நான். உங்கள் ரூம் மாதிரியே ஒரு ரூமில் 2024-ல் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் அதில் இருக்கிறது.

பையன் ஒடிசாவில் ராயகடா பக்கத்துக்காரன், வயது இருபத்து நான்கு. நிட்டிங் யூனிட்டில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தான். தகர ஷீட் போட்ட நீளமான ரூம், இரண்டடுக்குக் கட்டில்கள், பதினான்கு பேர். கணக்குக்குத்தான் பதினான்கு. பகல் ஷிப்டுக்காரன் எழுந்த கட்டிலில் நைட் ஷிப்டுக்காரன் வந்து படுப்பான், அதனால் ஒரு வாரத்தில் அந்தக் காற்றை மூச்சிழுப்பவர்கள் இருபதுக்கு மேல். ஜன்னல் இரண்டு இருந்தது. கொசுவுக்குப் பயந்து இரண்டையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள்.

இருமல் மே மாதக் கடைசியில் தொடங்கியது. நிட்டிங்கில் பஞ்சுப் பிசிறு தலைமுடி, புருவம் எல்லாவற்றிலும் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதனால் யாரும் வேறு எதையும் நினைக்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் இருமல் டானிக் வாங்கினான். அப்புறம் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை. கொஞ்சம் குறைந்தது போல இருந்து திரும்ப வந்தது. அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை: லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும், ஆனால் ஒழிக்காது. இருமல் தணிந்ததாகத் தோன்றும், டெஸ்டிலும் கிருமி சிக்காமல் போகலாம், நோய் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். இருமலுக்குக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதை நான் எதிர்ப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஜூன் நடுவில் ரஜ பண்டிகைக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்தான். தூசி கிடையாது, மெஷின் கிடையாது, மழை பெய்து காற்று கழுவிவிட்டாற்போல் இருந்திருக்கிறது. இருமல் நிற்கவில்லை. அவனுக்கு முதல் சந்தேகம் வந்தது அங்கேதான்.

பஞ்சு தூசியால் வரும் நெஞ்சு இறுக்கமும் இருமலும் வேலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் இறுக்கிப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமையோ ஊருக்குப் போனாலோ தளரும். வருஷக்கணக்கில் தூசியில் கிடந்தவர்களுக்கு எல்லா நாளும் இருக்கலாம், ஆனால் இருபத்து நான்கு வயதில் அப்படி ஆவது அபூர்வம். டி.பி. இருமலுக்கு ஷிப்டும் தெரியாது, லீவும் தெரியாது. உங்கள் நண்பரிடம் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வேலை இல்லாத நாளில் இருமல் குறைகிறதா? குறைந்தாலும் டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும். குறையவில்லை என்றால் நாளைக்கே எடுக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு இரண்டு விஷயம் நடந்தது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் உடம்பு லேசாகக் கதகதப்பாகி, விடியற்காலையில் பனியன் பிழிகிற மாதிரி வேர்த்தது. தகர ஷீட்டுக்கு அடியில் எல்லோருக்கும்தான் வேர்க்கும் என்று கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இன்னொன்று எடை. துணி ரோல் நிறுக்கிற எலெக்ட்ரானிக் மெஷினில் சும்மா இருக்கும்போது பையன்கள் ஏறி நின்று பார்ப்பது வழக்கம். பொங்கல் சமயத்தில் 53 கிலோ காட்டிய மெஷின், ஜூலை முதல் வாரத்தில் 46 காட்டியது. யாராவது காலால் அழுத்தி விளையாடுகிறார்களோ என்று இறங்கி, 20 கிலோ ரோல் ஒன்றை வைத்துப் பார்த்தானாம். 20 என்றுதான் காட்டியது. மறுபடி ஏறினான். 46.

அவனுடைய மாமா, அம்மாவின் தம்பி, ஊரில் டி.பி.க்கு மருந்து சாப்பிட்டவர். இவன் அப்போது பள்ளிக்கூடப் பையன். ராத்திரி இருமல், சாயங்காலக் காய்ச்சல், தொளதொளத்துப் போன சட்டை எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. ஆஷா தீதி என்று கூப்பிடும் கிராம சுகாதாரப் பணியாளர் மாத்திரை கொண்டுவந்து கொடுத்ததும், மாமா எழுந்து வயல் வேலைக்குப் போனதும் கூட ஞாபகம் இருந்தது. எனக்குத் தெரிந்து அவனைக் காப்பாற்றியது அந்தக் கடைசி ஞாபகம். டி.பி. என்றால் சாவு என்று மட்டும் தெரிந்தவன் ஒளிந்துகொள்வான். குணமானவரைப் பார்த்தவனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகக் கால் வரும்.

ஒரு ஷிப்டை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தான். இங்கேதான் முதல் சறுக்கல். மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பி ஒன்றைக் கொடுத்து "சளி எடுத்துட்டு வா" என்று தமிழில் சொன்னார்கள். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எச்சிலைத் துப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள், நெகட்டிவ். ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் "நான்தான் சொன்னேனே, தூசி" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டும். எச்சிலில் அவ்வளவு எங்கே இருக்கும்? ஆகவே "நெகட்டிவ்" என்பதை "இந்தக் குப்பியில் இன்றைக்குத் தென்படவில்லை" என்று படிக்க வேண்டும். இருமலும் காய்ச்சலும் எடைக் குறைவும் அப்படியே இருந்தால் அதோடு விடக்கூடாது. அவன் விடவில்லை. எச்சில் மாதிரி இருந்தது என்று டெக்னீஷியனும் சீட்டில் குறித்திருந்தார். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல் பாகத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளைத் திட்டு. எக்ஸ்ரே சந்தேகத்தைத்தான் சொல்லும், வேறு நோயிலும் அப்படித் தெரியும். எனவே சளியை சிபிநாட் மெஷினுக்கு அனுப்புவது என்று முடிவானது. அது கிருமியின் மரபணுவைத் தேடுகிற மெஷின், மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும். மெஷினுக்குள் போனால் இரண்டு மணி நேர வேலை. சில இடங்களில் ட்ரூநாட் என்று வேறொரு மெஷின் இருக்கும், வேலை ஒன்றுதான்.

இந்தத் தடவை சளி எடுப்பதை நானே சொல்லிக் கொடுத்தேன், எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில். காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கும் டீ குடிப்பதற்கும் முன்பு, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். ரூமுக்குள்ளும் வேண்டாம், கக்கூஸிலும் வேண்டாம், மொட்டை மாடிக்குப் போ, ஆள் இல்லாத பக்கம் நின்றுகொள். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக் கொஞ்சம் பிடித்து விடு, இரண்டு மூன்று தடவை. அதன்பின் வயிற்றிலிருந்து இரும வேண்டும், தொண்டையைச் செருமினால் போதாது. கெட்டியாக, மஞ்சள் கலந்து, குப்பியைச் சாய்த்தால் மெதுவாக நகர்வதுதான் சளி. தண்ணீர் மாதிரி ஓடினால் எச்சில். இரண்டு மில்லியாவது வேண்டும், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக. முதல் இருமலிலேயே வராது, கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. மூடியை இறுக்கி, கையைக் கழுவிக்கொண்டு கொண்டு வா. மறுநாள் வந்த குப்பியைப் பார்த்ததும் டெக்னீஷியன் தலையை ஆட்டினார்.

ரிசல்ட் வந்த அன்று இன்னொரு கூத்து. பேப்பரை வாங்கிப் பார்த்த ஏஜென்ட் மறுபடி "ஒண்ணும் இல்லை, இதோ எழுதியிருக்கே" என்று காட்டினார். அதில் இருந்தது இதுதான்:

```
MTB DETECTED MEDIUM
Rif Resistance NOT DETECTED
```

அவர் கண்ணில் பட்டது கடைசி இரண்டு வார்த்தை. முதல் வரிக்குப் பொருள், டி.பி. கிருமி இருக்கிறது, அளவு நடுத்தரம். இரண்டாவது வரிக்குப் பொருள், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அந்தக் கிருமி எதிர்ப்புக் காட்டவில்லை, அதாவது வழக்கமான மருந்தே கேட்கும். இரண்டு செய்தி, ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. கெட்டதை விட்டுவிட்டு நல்லதை மட்டும் படித்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் நண்பருக்கு ரிசல்ட் வந்தால் முதல் வரியை முதலில் படியுங்கள்.

ஆதார் ஒடிசா விலாசத்தில் இருந்தது, ஒரிஜினல் ஏஜென்ட் கையில். டெஸ்டுக்கும் மருந்துக்கும் அது தடையே இல்லை. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எங்கே இருக்கிறாரோ அங்கேயே நிக்ஷய் என்ற இணையப் பதிவில் ஏற்றி ஒரு எண் கொடுப்பார்கள். டெஸ்ட், மருந்து எல்லாம் இலவசம். நடுவில் ஊர் மாறினாலும் அதே எண்ணில் அந்த ஊருக்கு மாற்றிவிடலாம், மருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் அப்போது வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000. கணக்கு எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் பணம் நின்றுபோவது அங்கேதான். கம்பெனி ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறது என்றால், போதிய நாள் சந்தா கட்டியிருக்கும்பட்சத்தில், டாக்டர் ஓய்வு எழுதித் தரும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் 91 நாள் வரை கிடைக்கும். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

இனி நீங்கள் பயப்படுகிற விஷயம். ரிசல்ட் தெரிந்ததும் ஏஜென்ட் சாயங்கால ரயிலுக்கே டிக்கெட் பார்த்தார். மற்ற பையன்களைக் காப்பாற்றுகிற நினைப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கணக்கு தலைகீழ். மே மாதக் கடைசியிலிருந்து அத்தனை பேரும் அந்தக் காற்றைத்தான் மூச்சிழுத்திருக்கிறார்கள். மருந்து தொடங்கினால் இருமலில் வெளியேறும் உயிருள்ள கிருமி சில நாளிலேயே சரசரவென்று குறையும். வழக்கமான டி.பி.க்குச் சரியான மருந்து சாப்பிட்டால் இரண்டு வாரத்துக்குப் பிறகு பரப்பும் ஆபத்து மிகவும் குறைவு என்று எடுத்துக்கொள்வது நடைமுறை. மருந்து தொடங்காத ஒருவனை நெரிசலான பொதுப் பெட்டியில் ஒன்றரை நாள் உட்கார வைத்து அனுப்பினால் யாருக்கு என்ன லாபம்?

இது என் சொந்தக் கருத்து என்று நினைக்க வேண்டாம். 1956-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதி அதுதான். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் ஒரு வருஷம் வைத்தும், மறு பாதியைச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1959-ல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூடவே வசித்த குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்கு நோய் அதிகம் வந்துவிடவில்லை. டி.பி. நோயாளியைத் தனியாக ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை உலகம் கைவிட்டதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. மெட்ராஸ் செய்த வேலை, திருப்பூர் ஹாஸ்டலில் இன்னும் போய்ச் சேரவில்லை.

இதையெல்லாம் ஏஜென்டிடம் இவ்வளவு விவரமாகச் சொல்லவில்லை. "இவன் இங்கே இருந்தால் மாத்திரை சாப்பிடுகிறானா என்று உங்கள் கண்ணால் பார்க்கலாம். அனுப்பிவிட்டால், குணமாகாமல் வேறொரு கம்பெனிக்கு வருவான். அங்கே இருந்து உங்கள் பசங்க ரூமுக்கும் வந்து போவான்" என்றேன். டிக்கெட் கேன்சல் ஆனது. முதல் இரண்டு வாரம் லீவு. மாடியில் சாமான் போட்டிருந்த அறையில் ஜன்னலோரம் கட்டில். வாயை மூடிக் கட்டத் துணி, துப்புவதற்கு மூடியுள்ள டப்பா, அதில் கொஞ்சம் பினாயில். கீழ் ரூமில் ஜன்னல் அட்டைகளைப் பிடுங்கிவிட்டுக் கொசு வலை அடித்தோம், செலவு ஆயிரத்துச் சொச்சம். தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்டார்கள். வேண்டாம். இது காற்றில் பரவுவது, தட்டில் பரவாது. ஆனாலும் ஒரு மாதம் அவன் தட்டை யாரும் தொடவில்லை, அவனும் கேட்கவில்லை.

46 கிலோவுக்கு தினம் மூன்று மாத்திரை, நான்கு மருந்து ஒன்றாகச் சேர்ந்தது, காலையில் வெறும் வயிற்றில். இரண்டு மாதம் இப்படி. பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துக் கலவை. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் சாயம். சாயப்பட்டறை ஊரில் இதற்கு ஏகப்பட்ட கேலி. பயப்பட வேண்டியது கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பார்வை மங்குவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருந்து கொடுக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் எல்லோருக்கும் சோதிப்பார்கள், அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம். இவனுக்கு மூன்றாவது வாரமே பசி எடுத்தது, காய்ச்சல் நின்றது. "போதுமா பாய்?" என்று கேட்டான். பெரும்பாலானவர்கள் நழுவுவது அந்த வாரத்தில்தான். மாமாவும் நடுவில் நிறுத்தி, திரும்பப் படுத்து, மறுபடி முதலிலிருந்து சாப்பிட்டவர் என்பது போனில் அம்மாவிடம் பேசியபோது தெரிந்தது. பிறகு அவன் கேட்கவில்லை. ஜனவரியில் மருந்து முடிந்தபோது துணி ரோல் மெஷினில் 54.

உங்களுக்கு ஒட்டுமா என்று கேட்டீர்கள். கிருமியை மூச்சிழுத்தவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, பெரும்பாலோருக்கு உடம்பு அடக்கி வைத்துவிடும். ஆனாலும் உங்கள் நண்பருக்கு பாசிட்டிவ் வந்தால் ரூமில் அத்தனை பேரும் பார்க்கப்பட வேண்டும். சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு ராத்திரியாவது அதே அறையில் கூட இருந்தவர்கள் எல்லோரையும் வீட்டார் கணக்கில் சேர்ப்பதுதான் முறை. நாங்கள் இருபத்திரண்டு பேருக்கு எக்ஸ்ரே எடுத்தோம். அதே கட்டிலில் பகலில் படுத்த நைட் ஷிப்டுக்காரனுக்கு இருமல் அதிகம் இல்லை, ஆனால் சளியில் கிருமி இருந்தது. அவனுக்கும் சிகிச்சை. நோய் இல்லை என்று உறுதியானவர்களில் சம்மதித்தவர்களுக்கு, வாரம் ஒரு தடவை வீதம் பன்னிரண்டு வாரம், தடுப்பு மாத்திரை. மூன்று பேர் மறுத்துவிட்டார்கள்.

அந்த மூன்று மாதக் கணக்கைப் போடும்போதுதான் ஒருத்தன் பேச்சில் தட்டுப்பட்டான். ஜார்க்கண்ட்காரன், ஏப்ரல் கடைசியில் "தூசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று கணக்கு முடித்துக்கொண்டு போனவன். யாரோ வாட்ஸ்அப்பில் நம்பர் வைத்திருந்தார்கள். ஒடிசாப் பையனே பேசினான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மறுமுனையில் இருமல் எங்களுக்கும் கேட்டது. அவர்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னான், கூடவே மொட்டை மாடிக்குப் போய் எப்படி இரும வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததை வரி மாறாமல் சொன்னான். ஆகஸ்டில் அங்கே மருந்து தொடங்கியது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது.

உங்கள் நண்பரை நாளைக் காலை சளி எடுக்க வைத்துப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள், தமிழ் தெரியாதவராக இருந்தால் கட்டாயம். கிளம்புவதற்கு முன் ரூமில் ஒரு தடவை கேளுங்கள், சமீபத்தில் இருமிக்கொண்டே ஊருக்குப் போனவர் யாராவது உண்டா என்று. இருந்தால் அவர் நம்பரை எடுத்துக்கொண்டு போங்கள்.